சாக்கு எண்ணத் தெரியுமாடே, தம்பி?

வா தம்பி, உக்காரு. மூஞ்சி ஏன் இப்படி வாடிக் கெடக்கு? கையில என்ன தாளு? ஓ, சங்கத்துச் சுற்றறிக்கையா? மூணாவது மாடியில வீடு வாங்கினே, குளியலறையை இடிச்சுப் புதுசாக் கட்ட இன்னைக்குத்தான் ஆளு எறக்கியிருக்கே. அதுக்கு முப்பத்தி நாலு விதி எழுதிக் கையில குடுத்துட்டாகளாக்கும். படிச்சுக் காட்டு, கேப்போம்.

"ஒப்பந்தக்காரரின் பணியாளர்கள் அடையாள அட்டை அணிந்திருத்தல் வேண்டும்." சரி, போடட்டும். "பணியாளர்கள் மெல்லிய குரலில் உரையாட வேண்டும்." ஏலே, சுவத்தை உடைக்கிறவன் மெல்லப் பேசினா மத்தவனுக்குக் கேக்குமா? "பணியாளர்கள் வரவேற்புக் கூடத்து நாற்காலிகளில் அமரலாகாது." இதை எழுதின மகராசன் நாள் முழுக்கச் சம்மட்டி பிடிச்சுப் பாத்திருப்பானா? அவுக ஒக்காந்தாத் தேய்ஞ்சு போகுதா நாற்காலி? சரி, கட்டடக் கழிவு பத்தி என்ன போட்டிருக்கு? "உரிய முறையில் அகற்றப்பட வேண்டும்." அம்புட்டுதானா? நாற்காலிக்கு நாலு வரி, ஒண்ணரை டன் இடிபாட்டுக்கு ஒத்த வரி. கொள்ளாம்.

உனக்குத் தெரியாது, நான் அம்பாசமுத்திரத்துப் பக்கம் நாப்பது வருசம் கொத்தனாரா இருந்தவன். இப்போ மகன் வீட்டுல, இந்த வேளச்சேரி நாலாவது மாடியில, ஊஞ்சல்ல ஒக்காந்து காக்காய்க்குச் சோறு வைக்கேன். ஆனாலும் மேல எவனாவது பிரேக்கர் மிஷினைப் போட்டான்னா, சத்தத்தை வச்சே சொல்லிருவேன், அவன் டைல்ஸை உரிக்கானா, செங்கலை உடைக்கானா, இல்லே மடையன் காங்கிரீட்டுல கை வைக்கானான்னு. டைல்ஸுன்னா சத்தம் வெடவெடன்னு பிரிஞ்சு கேக்கும். காங்கிரீட்டுன்னா பல்லுக்குள்ள கேக்கும்.

அது ஏன் அப்படின்னு யோசிச்சிருக்கியா? காத்துல வார சத்தத்தைக் கதவைச் சாத்தித் தடுத்துப்புடலாம். இது காத்துல வாரதில்லை, தம்பி. தூணு, உத்தரம், தளம்னு கட்டடத்து எலும்பு வழியா வாரது. மூணாவது மாடியில உடைச்சா முதல் மாடிக்காரன் கட்டிலு அதிரும். அதனால "கதவைச் சாத்திட்டு வேலை பாருங்க"ங்கிற விதியெல்லாம் தூசிக்குத்தான் ஆகும், சத்தத்துக்கு ஆகாது. சத்தத்துக்கு மருந்து நேரம் ஒண்ணுதான்.

நேரத்துக்குச் சட்டம் இல்லியான்னு கேப்பே. இருக்கு. 2000-ம் வருசத்து ஒலி மாசு விதி. குடியிருக்கிற எடத்துல பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45. ராத்திரியில குடியிருப்புப் பக்கம் சத்தம் போடுற கட்டுமான மிஷினை ஓட்டவே கூடாதுன்னு 2010-ல சேத்தாக. ஆனா சட்டத்துக்கு ராத்திரிங்கிறது எப்போ? பத்து மணியில இருந்து காலையில ஆறு வரைக்கும். அப்போ ராத்திரி ஒன்பதரைக்கு ஒருத்தன் பிரேக்கரைப் போட்டா? அவனுக்கு அது பகலாம்! பிள்ளை பெத்தவ மத்தியானம் கண் அசருறதும், ஆஸ்பத்திரியில ராத்திரி வேலை பாத்துட்டு நர்ஸம்மா பகல்ல தூங்குறதும், மார்ச்சுல பிளஸ் டூ பிள்ளை படிக்கிறதும் அந்தச் சட்டத்துக்குத் தெரியாது. அது தெரியணும்னா கூடக் குடியிருக்கிறவனுக்குத்தான் தெரியணும். அதுக்குத்தான் சங்கம். நாற்காலியைக் காவல் காக்க இல்லை.

உன் தாள்ல என்ன நேரம் போட்டிருக்கு? "பணி நேரம் 9 முதல் 6. ஒலி எழுப்பும் பணிகள் 10 முதல் 1 மற்றும் 3 முதல் 5." ஞாயித்துக்கிழமை கெடையாது. பாக்க நல்லாத்தான் இருக்கு. ஊரெல்லாம் இதைத்தான் எழுதுதாக. இதுல ஒரு ஓட்டை இருக்கு, கண்டுபிடி பாப்போம். முடியலியா? நானே சொல்லுதேன்.

அஞ்சு மணி வரை உடைக்கலாம்னு எழுதினா, உன் ஆளு அஞ்சு மணி வரை உடைப்பான். அஞ்சே காலுக்குக் கை கால் கழுவிட்டுப் பஸ்ஸைப் பிடிப்பான். உடைச்சது எங்க கெடக்கும்? உடைச்ச எடத்துலயே கெடக்கும். மறுநாள் அது மேலயே ஏறி நின்னு உடைப்பான். மூணாம் நாள் எடம் பத்தாது. அப்போ நடையில தள்ளுவான். பொறவு பால்கனி. பொறவு மாடிப்படி திருப்பம். "நாளைக்கு வண்டி வருது சார்"னு சொல்லுவான். அந்த நாளை என்னைக்கு வந்திருக்கு? நேரத்துக்கு விதி வச்சாக, இடிபாட்டுக்கு நேரம் வைக்கலை. அங்கதான் கோளாறு.

சரி, உன் குளியலறையில எம்புட்டு இடிபாடு வரும்? சொல்லு. "கொஞ்சம் வரும் தாத்தா"வா? பி.இ. படிச்ச புள்ளை பேசுற பேச்சா இது? உக்காந்து கணக்குப் போடுவோம்.

உன்னது 8-க்கு 5 அடி. சுத்தளவு 26 அடி. டைல்ஸ் 7 அடி உசரம். கதவைக் கழிச்சாச் சுவத்துல 165 சதுர அடி வரும். தரை 40. சுவத்து டைல்ஸும் பின்னால உள்ள கலவையும் சேந்து ஒண்ணே கால் இஞ்சு கனம்னு வச்சுக்கோ. தரையில இரண்டரை இஞ்சு. பெருக்கிப் பாத்தா 25 கன அடி. கன அடிக்கு 56 கிலோ போட்டா 1,400 கிலோ. தரைக்கு அடியில சங்கன்னு ஒரு பள்ளம் விட்டு, செங்கல் ஜல்லி ரொப்பியிருக்கான் பாரு, அதையும் தோண்டினா ஏறத்தாழ இன்னொரு மடங்கு. அதைத் தொடலைன்னே வைப்போம். உன் "கொஞ்சம்" 1,400 கிலோ, தம்பி. வயித்தை வலிக்குதா?

இதை நடையில குவிச்சா என்ன ஆகும்? வீட்டுத் தளத்துக்கு இஞ்சினியர் கணக்குப் போடையில, ஆளு, கட்டிலு, பீரோ எல்லாம் சேத்துச் சதுர மீட்டருக்கு 200 கிலோன்னுதான் போடுவான். சதுர மீட்டருங்கிறது மூணே கால் அடிக்கு மூணே கால் அடி. அந்த எடத்துல இடிபாட்டை முழங்கால் உசரம் குவிச்சா 600 கிலோ ஏறிரும். மூணு மடங்கு. உடனே இடிஞ்சு விழுமா? விழாது. கட்டடம் பொறுமைசாலி. ஆனா கீழ் வீட்டுக்காரன் கூரைப் பூச்சுல மயிரிழை மாதிரி ஒரு கீறல் விடும். அவன் அதைக் காட்டி உங்கிட்ட பஞ்சாயத்துக்கு வருவான். அப்போ உன் இன்டீரியர் டிசைனரு எங்க இருப்பாக? அவுக வேற எவனுக்கோ "வெள்ளையிலேயே பதினாறு வெள்ளை இருக்கு சார்"னு பாடம் எடுத்துக்கிட்டு இருப்பாக.

எங்க வீட்டுல போன வருசம், இதே அளவுக் குளியலறையில, இதே வேலை நடந்துச்சு. மகன் மேஸ்திரியைக் கூட்டிட்டு வந்தான். மேஸ்திரி சொன்னான்: "காலையில மூணு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம், ரெண்டு நாள்ல உரிச்சுப் போட்டுருவேன்." நான் சொன்னேன்: "சாயங்காலம் வேண்டாம்டே. பத்துல இருந்து ஒண்ணு வரை மட்டும் உடை. மூணு நாள் எடுத்துக்கோ." அவன் என்னைப் பாத்த பார்வை இருக்கே! கெழவனுக்குப் புத்தி பிசகிட்டோன்னு நெனச்சிருப்பான்.

ஆனா கேளு. ஒரு மணிக்கு மிஷின் நின்னுது. ரெண்டு மணி வரை சாப்பாடு. ரெண்டுல இருந்து மூணரை வரை சாக்குல அள்ளி லிப்ட்டுல எறக்குறது. அந்த நேரம் ஏன்? அப்பத்தான் லிப்ட்டு ஈயாடும். ஆபீசு போறவன் போயிட்டான், பள்ளிக்கூடத்துப் பிள்ளை இன்னும் வரலை, பெருசுக எல்லாம் தூங்குது. மூட்டை எறக்குறதுல சத்தம் கெடையாது. ஊரு தூங்குற நேரமும் மூட்டை எறக்குற நேரமும் கண்ணும் இமையும் மாதிரி ஒட்டிக்கிடுச்சு. நாலு மணிக்குப் பொறவு? உளி சுத்தியலை வச்சு ஒட்டுக் கலவையைத் தட்டுறது, பிளம்பர் வந்து கோடு போடுறது, சுவத்தைக் கூட்டித் தண்ணி தெளிக்கிறதுன்னு கைவேலை ஆயிரம் இருக்கு.

மேஸ்திரி சொன்னபடி ரெண்டு நாள்ல உடைச்சிருந்தாலும், மூணாம் நாள் முழுக்க அள்ளத்தானே போகணும்? நாள் ஒண்ணும் கூடலை. இன்னொண்ணு சொல்லட்டுமா? இடிபாடு மேல நின்னு மிஷின் பிடிக்கிறவனுக்குக் காலு நெலைக்காது. ஒடஞ்ச டைல்ஸ் விளிம்பு சவரக் கத்தி. தரை சுத்தமா இருந்தா அவன் கை வேகமே வேற. மூணாம் நாள் சாயங்காலம் மேஸ்திரியே வந்து, "பெரியவரே, இது தேவலையே"ன்னான். நான் காபி வாங்கிக் குடுத்தேன். பெருமைக்கு இல்லை, அவன் ஆளுக்கும் சேத்துத்தான்.

எத்தனை சாக்கு தெரியுமா? முதல் நாள் 20, மறுநாள் 19, மூணாம் நாள் 17. ஆக மொத்தம் 56. நீயே வகுத்துப் பாரு, சாக்குக்கு 25 கிலோ வரும். ஏன் 25? சிமெண்டுச் சாக்கை முழுசா ரொப்பினா 45 கிலோ தாண்டும். தூக்குறவன் இடுப்பு போகும், சாக்குத் தையல் படியிலயே பிரியும், லிப்ட்டும் மக்கர் பண்ணும். அரைச் சாக்கு ரொப்பி வாயைக் கட்டணும். நம்ம லிப்ட்டுல ஒரு தகடு ஒட்டியிருக்கே, பாத்திருக்கியா? செல்பி எடுக்கையில தலைக்குப் பின்னால தெரியும். "6 பேர், 408 கிலோ." ஆளுக்கு 68 கிலோ கணக்கு. அரைச் சாக்கு எட்டு ஏத்தினா 200 கிலோ, கூட ஒரு ஆளு, 270-க்குள்ள நிக்கும். நாளைக்கு மூணு தடவைன்னு ஒன்பது தடவையில 56 சாக்கும் கீழ போயிரும். அதே எட்டு, முழுச் சாக்கா ஏத்தினா? நீயே கூட்டிப் பாரு. ஒத்தச் சாக்கைத் தூக்க முடியுதேன்னு பாக்கப்படாது.

லிப்ட்டு கெடுறது பாரத்தால மட்டும் இல்லை. கதவு ஓடுறதுக்குக் கீழ ஒரு பள்ளம் இருக்கு பாரு, அதுல பொடிக்கல்லு ரெண்டு விழுந்தாப் போதும். கதவு பாதி மூடும், திரும்பத் தெறக்கும், பாதி மூடும், தெறக்கும், புது மாப்பிள்ளை மாமியார் வீட்டு வாசல்ல நிக்கிற மாதிரி. அப்படி ஆடிச்சுன்னா மெக்கானிக்குக்குப் போன் போடுறதுக்கு முந்திப் பள்ளத்தைப் பாரு. உள்ளுக்குள்ள பிளைவுட்டும் தார்ப்பாயும் அடிச்சு, எறக்கி முடிச்சதும் பழைய பெயிண்ட் பிரஷ்ஷால பள்ளத்தைக் கூட்டணும். இது உன் தாள்ல இருக்கா? இல்லை. நாற்காலி இருக்கு.

அடுத்தது தண்ணி. இதுதான் பெரிய வினை. வேலை முடிஞ்சதும் பாண்டு, கரண்டி எல்லாம் எங்க கழுவுதான்? குளியலறைத் தரை ஓட்டையிலதான். பாலு மாதிரிப் போகுது, போயே போயிருச்சுன்னு நெனைக்கான். போகலை, தம்பி. சிமெண்டுக்குத் தண்ணிக்குள்ளயும் கெட்டிப்படத் தெரியும். பாலாறாப் போற அது, குழாய் கீழ திரும்புற முட்டியில படுத்துத் தூங்கும். தூங்கினது கல்லாத்தான் எந்திரிக்கும். நாலஞ்சு வருசத்துக்கு முந்தி இங்கனயே ஒரு வீட்டுல நடந்துச்சு. வேலை பாத்தது மேல. தண்ணி எதுத்துக்கிட்டு வந்தது முதல் மாடி வீட்டுல, ஒரு ஆச்சி குளிச்சுக்கிட்டு இருக்கையில. மேல எவனோ வாளித் தண்ணியை ஊத்துதான், கீழ ஆச்சி வீட்டு ஓட்டையில குளுகுளுன்னு சத்தம், பொறவு சோப்பு நுரை பொங்கி வருது. ஆச்சி பேயின்னு அலறிட்டா. குழாயை வெட்டிப் பாத்தா உள்ள மொழுமொழுன்னு சிமெண்டு, கொழுக்கட்டை மாதிரி.

அந்தக் குளுகுளு சத்தந்தான் முதல் எச்சரிக்கை. அப்பவே வேலையை நிப்பாட்டணும். அதுக்கும் முந்தி, முதல் நாள் உடைக்கிறதுக்கு முன்னால, தரை ஓட்டையில எல்லாம் சாக்குத் துணியைத் திணிச்சு, மேல கொஞ்சம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைப் பூசி அடைச்சுரணும். கழுவுறதுக்கு ஒரு பழைய டிரம்மு. ராத்திரி வச்சா சிமெண்டு அடியில தங்கிரும். காலையில மேல தெளிஞ்ச தண்ணியைச் சாக்குல கட்டுற இடிபாட்டு மேலயே தெளிச்சு விடு, தூசி அடங்கும். அடியில உள்ள சேத்தை அள்ளிச் சாக்குல போடு. வேலை முடிஞ்சு, நீ கட்டின முன்பணத்தைத் திருப்பிக் குடுக்கையில சங்கத்துச் செகரட்டரி என்ன பாக்கணும்? நடையில கீறல் இருக்கான்னு டார்ச்சு அடிக்காரு. அதுக்குப் பதிலா உன் வீட்டுல ரெண்டு வாளித் தண்ணியை ஒண்ணா ஊத்தச் சொல்லிட்டு, கீழ சாக்கடைத் தொட்டி மூடியைத் தெறந்து, தண்ணி தடையில்லாம வருதா, கூட மணலு வருதான்னு பாக்கணும்.

முன்பணம்னதும் ஞாபகம் வருது. இந்த அபராதக் கதையைப் பாரு. "நேரம் மீறினால் நாளொன்றுக்கு ரூபாய் 500." ஏலே, லட்சக்கணக்குல செலவழிக்கிறவனுக்கு 500 எந்த மூலைக்கு? அவன் அதை அபராதமா நெனைக்க மாட்டான், சத்தம் போட வாடகையா நெனைப்பான். போன தீவாளிக்கு முந்தி ஒருத்தன் மாசம் முழுசுக்கும் முன்கூட்டியே கட்டிட்டான், பாவி! பணத்தை விடு. நேரம் மீறினா மறுநாள் மிஷின் உள்ள வரப்படாது, அம்புட்டுதான். வாட்ச்மேன் கேட்டுல நிறுத்திருவான். ஒரு நாள் கூலி வீணாப் போனா மேஸ்திரிக்கு மணி பாக்கத் தானா வரும்.

கீழ எறக்கியாச்சு. அத்தோட முடிஞ்சுதா? அதான் இல்லை. 56 சாக்கைக் கேட்டுக்கு வெளிய அடுக்கிட்டு, "எங்க வளாகம் சுத்தம்"னு குரூப்புல போட்டோ போடுதாக. ஒரு மழை பேஞ்சாச் சாக்குப் பிரிஞ்சு, மண்ணெல்லாம் மழைநீர் வடிகாலுக்குள்ள. பொறவு தெருவுல தண்ணி நின்னா, கார்ப்பரேசனைத் திட்டுறதும் அதே குரூப்புலதான். வேளச்சேரியில இருந்துக்கிட்டுத் தண்ணி நிக்கிறதைப் பத்தி நான் உனக்குச் சொல்லணுமா?

குட்டியானைக்காரன் வருவான். முக்கால் டன்னு வண்டி, ரெண்டு நடை அடிக்கணும். ஒரே நடையில ஏத்துதேன்னா வேண்டாம்னு சொல்லு. இன்னொண்ணு, "எங்கடே கொட்டுவே?"ன்னு கேளு. தலையைச் சொறிஞ்சான்னா புரிஞ்சுக்கோ, பள்ளிக்கரணைச் சதுப்பு ஓரத்துல ராத்திரி தட்டிட்டு வந்துருவான். அந்தா கூப்பிடு தூரத்துல பெருங்குடியில கட்டடக் கழிவை அரைக்கிற ஆலை இருக்கு, வடக்க கொடுங்கையூர்ல ஒண்ணு. 1913-க்குப் போன் போட்டா மாநகராட்சியில எங்க கொண்டு போகணும்னு சொல்லுவாக. 2016-லயே மத்திய சர்க்கார் விதி போட்டாச்சு. வீட்டு ரிப்பேர்ல வார இடிபாட்டையும் அதுல சேத்திருந்தாக. தெருவுல போடப்படாது, உன் வளாகத்துக்குள்ளயே தரம் பிரிச்சு வைக்கணும்னு அதுல எழுதியிருந்தாக. காங்கிரீட்டு ஒரு பக்கம், செங்கலும் கலவையும் ஒரு பக்கம், மண்ணு ஒரு பக்கம், கம்பி, மரம், பிளாஸ்டிக்கு ஒரு பக்கம். பெரிய வித்தையா? பழைய கதவும் குழாயும் பழைய இரும்புக்காரன் தானே வந்து தூக்கிருவான். கீழ எறக்குறதுக்கு முந்தியே பிரிச்சாச் சுளுவு. கலந்துட்டுப் பிரிக்கிறது, அரிசியில கலந்த மண்ணைப் பொறுக்குற மாதிரி.

என்ன சிரிக்கே? ஒண்ணு பாத்தியா, நீ வந்து ஒரு மணி நேரமாச்சு. கீழ உன் வீட்டுல பிரேக்கர் சத்தமே இல்லை. மணி ரெண்டரை. பரவாயில்லையே, உன் மேஸ்திரி வெவரமான ஆளுதான் போலிருக்கு. மூட்டை எறக்குதானா?

இரு, இரு. அது என்ன சத்தம்? பீப், பீப்னு? லிப்ட்டுலதான். எட்டுச் சாக்குதான் ஏத்தினேன்னு சொல்லுவான். போ, ஓடு, போய் ஒரு சாக்கைக் கையால தூக்கிப் பாரு.